‘வெடி ஆபீஸ்’ அலுவலகம் இல்லை: வாய்ஸ் நோட்டை மனுவாக எழுதும்போது

திங்கட்கிழமை விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உங்கள் வாட்ஸ்அப்பில் ஒரு வாய்ஸ் நோட் வந்து விழுகிறது. "தம்பி, இத கொஞ்சம் மனுவா எழுதிக் குடு." நம்ம ஊர்ப் பக்கம் நன்றாக எழுதத் தெரிந்த, போனில் தமிழ் டைப் செய்யத் தெரிந்த யாருக்கும் இது புதுசு இல்லை. மனுவை நேரில் கொடுத்தாலும், ‘முதல்வரின் முகவரி’யில் பதிந்தாலும், 1100-க்கு போன் செய்து சொன்னாலும், கடைசியில் அதிகாரி மேஜைக்குப் போவது எழுத்துதான். அந்த அக்கா பேசியது போகாது. நீங்கள் எழுதியதுதான் போகும்.

போனிலேயே தமிழ்க் குரல் தட்டச்சு இருப்பதால் பாதி வேலை சுலபம். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் 2017 முதல் தமிழில் பேசினால் எழுத்தாக விழுகிறது. ஒரு போனில் வாய்ஸ் நோட்டை ஓடவிட்டு இன்னொரு போனில் மைக்கைத் தட்டினால் முக்கால்வாசி வந்துவிடும். அப்படி வந்ததை மனுவின் மொழிக்கு மாற்றும்போதுதான் வம்பு. ‘நல்ல தமிழில்’ எழுதுகிறோம் என்று நினைத்து, அவர் சொல்லாததை நாம் சொல்லிவிடுகிறோம்.

ஒரே ஒரு வாய்ஸ் நோட்டை எடுத்துக்கொண்டு கடைசிவரை போய்ப் பார்ப்போம். இது சிவகாசிப் பக்கத்துப் பேச்சை வைத்து இந்தப் பாடத்துக்காக அமைத்த மாதிரி; தனி ஒருவருடைய கதை அல்ல. 2025 ஆகஸ்ட் 20, புதன்கிழமை பேசியதாக வைத்துக்கொள்ளுங்கள். குரல் தட்டச்சில் விழுந்தது இப்படி இருக்கிறது:

"தம்பி நான் அக்கா பேசுறேன் அந்த மனு எழுதணும்னு சொன்னேன்ல அதுக்குத்தான் நான் வந்து இங்க ஒரு வெடி ஆபீஸ்ல 78 வருஷமா வேலை பாக்குறேன் போன வெள்ளி லீவுல்ல அதுக்கு முந்தின வெள்ளி மத்தியானம் மருந்து காயப்போட்டத எடுத்துட்டு வரும்போது பொரி தட்டி வலது கை வெந்து போச்சு போர்மேன் வந்து தூக்கிட்டுப் போயி ஆஸ்பத்திரில சேத்தாரு செலவும் அவருதான் பாத்தாரு அவர் மேல தப்பு ஒண்ணும் சொல்லல எனக்கு வந்து ஏசி கார்டு இன்னும் வரல சம்பளத்துல பிடிக்கிறாங்க கண்டு சொல்றாங்க அண்ணாச்சிட்ட கேட்டா பாக்கலாம் பாக்கலாம்னு சொல்றாரு நாலு பேர் இருக்க ரூம்ல நாங்க 78 பேர் இருந்தோம் அத எழுதிராத வேலைக்கு வராதன்னு சொல்லிட்டா என்ன செய்ய கம்பெனிய மூடணும்னு நான் சொல்லல எனக்கு அந்த கார்டு வேணும் கை ஆறுற வரைக்கும் வேலைக்குப் போக முடியல அந்த நாளுக்கு என்னமாச்சும் குடுத்தா நல்லாருக்கும் எழுதி அனுப்பு தம்பி"

ஒரு கமா கிடையாது, முற்றுப்புள்ளி கிடையாது. ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல்கள் உள்ளே இருக்கின்றன.

முதலில் காது, பிறகு கை

எழுத்தைத் திருத்துவதும் வாக்கியமாக்குவதும் இரண்டு தனி வேலைகள். இரண்டையும் ஒரே மூச்சில் செய்யாதீர்கள். முதல் சுற்றில் குரலை மறுபடி ஓடவிட்டு, அவர் உண்மையிலேயே சொன்ன சொற்கள் விழுந்திருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வேகத்தைக் கூட்டும் பொத்தான் இருக்கிறது, அதைத் தொடாதீர்கள். இந்த வேலைக்கு ஒரு மடங்கு வேகமே சரி.

‘78 வருஷமா’ என்பதைப் படித்ததும் சிரிப்பு வரும். அக்கா சொன்னது ‘ஏழெட்டு’. இது எல்லாருக்கும் தெரிகிற பிழை, யாராவது பிடித்துவிடுவார்கள். கொஞ்சம் கீழே ‘நாங்க 78 பேர் இருந்தோம்’ என்று இருப்பதும் அதே ‘ஏழெட்டு’தான். அதைப் பிடிப்பது கஷ்டம். ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் 78 பேர் இருப்பது நடக்காத விஷயம் இல்லையே என்று கண் தாண்டிப் போய்விடும். நாலஞ்சு, அஞ்சாறு, பத்துப் பதினஞ்சு என்று தமிழில் இரண்டு எண்ணைச் சேர்த்துச் சொன்னால் ‘சுமார்’ என்று அர்த்தம். குரல் தட்டச்சு அதை ஒரே எண்ணாக ஒட்டிவிடலாம். அதனால் எழுத்துவடிவில் எங்கெல்லாம் எண் இருக்கிறதோ, அங்கெல்லாம் குரலை நிறுத்திக் கேளுங்கள்.

அடுத்தது ‘ஏசி கார்டு’. அது இ.எஸ்.ஐ. கார்டு. ‘பொரி’ என்று விழுந்திருப்பது பொறி, அதாவது தீப்பொறி. இவை சின்ன விஷயங்கள்.

சின்ன விஷயமாகத் தெரிந்து பெரியதாக முடிவது ‘பிடிக்கிறாங்க கண்டு சொல்றாங்க’. எழுத்தில் பார்த்தால், யாரோ கண்ணால் கண்டு சொல்கிறார்கள் என்று தோன்றுகிறது. மதுரைப் பக்கமும் விருதுநகர் மாவட்டத்தின் பல ஊர்களிலும் ‘என்று’ என்பதை ‘ண்டு’ என்று சொல்வார்கள். அக்கா சொன்னது ‘பிடிக்கிறாங்கண்டு சொல்றாங்க’. அதாவது, பிடிப்பதாகச் சொல்கிறார்கள். கேள்விப்பட்ட செய்தி, கண்ணால் பார்த்த சாட்சியாக மாறிவிட்டது, ஒரே ஒரு எழுத்து கூடுதலாக விழுந்ததால்! சென்னையில் உட்கார்ந்து எழுதுகிற ஒருவருக்கு இது தெரியாமல் போகலாம். உங்களுக்குத் தெரியும், அதனால்தான் அக்கா உங்களிடம் அனுப்பியிருக்கிறார்.

இந்தச் சுற்று முடிந்ததும், திருத்திய எழுத்தைத் தனியாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். குரல் கோப்பையும் அழிக்காதீர்கள். பின்னால் யாராவது ‘அப்படியா சொன்னார்?’ என்று கேட்டால் திரும்பிப் பார்க்க இரண்டுமே வேண்டும். குரல் கோப்பை குரூப்பில் ஃபார்வர்டு மட்டும் செய்யவே வேண்டாம். அது அவருடைய குரல், அவருடைய வேலை.

ஊர்ச் சொல்லை என்ன செய்வது

மனு என்றாலே தூய தமிழில் இருக்க வேண்டும் என்று பலருக்கு ஒரு நினைப்பு. ‘ஆபீஸ்’ என்று வந்தால் கை தானாக ‘அலுவலகம்’ என்று எழுதும். சிவகாசி வட்டாரத்தில் வெடி ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ் என்றால் தொழிற்சாலை. அதை ‘அலுவலகம்’ ஆக்கினால், கை வெந்தவர் மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிறவர் ஆகிவிடுவார். படிக்கும் அதிகாரி வெளியூர்க்காரராக இருந்தால், ஓர் அலுவலகத்தில் தீப்பொறி எப்படி வந்தது என்ற குழப்பத்திலேயே மனு நின்றுவிடும். இங்கே சரியான சொல் ‘பட்டாசுத் தொழிற்சாலை’.

‘மருந்து’ இன்னும் மோசம். ‘மருந்தை எடுத்து வரும்போது கை வெந்தது’ என்று எழுதினால் படிப்பவர் மாத்திரை, டானிக் என்று யோசிப்பார். அக்கா சொல்வது பட்டாசுக்குப் போடும் ரசாயனக் கலவையை. ‘பட்டாசு மருந்து’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். அவருடைய சொல்லும் நிற்கிறது, குழப்பமும் தீர்கிறது. அது எந்த ரசாயனம், எந்த ரகப் பட்டாசு என்றெல்லாம் நீங்களாக ஊகித்து எழுத வேண்டாம்.

இந்த வட்டாரத்தில் ‘நாக்பூர் லைசென்ஸ்’, ‘டி.ஆர்.ஓ. லைசென்ஸ்’ என்ற பேச்சும் அடிக்கடி வரும். முதலாவது, நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பான ‘பெசோ’ தரும் உரிமம். இரண்டாவது, மாவட்ட வருவாய் அலுவலர் தருவது. பேசியவர் எதைச் சொன்னாரோ அதையே எழுதுங்கள். இரண்டையும் ‘அரசு உரிமம்’ என்று ஒன்றாக்கினால், மனு எந்த அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்ற துப்பு போய்விடும்.

இதே கதைதான் ‘அண்ணாச்சி’க்கும். உரிமையாளரா, ஷெட்டைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவரா, ஆள் பிடித்துத் தருகிற ஒப்பந்ததாரரா? நம்ம ஊரில் மூன்று பேருமே அண்ணாச்சிதான். மளிகைக் கடைக்காரரும் அண்ணாச்சிதான். ‘உரிமையாளர்’ என்று நீங்கள் எழுதிவிட்டால், ஒருவேளை சம்பந்தமே இல்லாத ஒருவரை மனுவில் இழுத்துவிட்டீர்கள். இ.எஸ்.ஐ. திட்டத்தில் தொழிலாளியின் பங்கையும் சேர்த்துச் சந்தா கட்டும் பொறுப்பு முதன்மை வேலையளிப்பவருக்கு. ஆகவே அந்த இடத்தில் யார் பெயர் வருகிறது என்பது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. இதைக் கேட்டுத்தான் எழுத வேண்டும்: "அக்கா, அண்ணாச்சின்னு சொல்றீங்களே, அவரு ஓனரா, லீஸுக்கு எடுத்தவரா?"

‘வந்து’ என்ற ஒரு சொல்

பேச்சில் வரும் ஒட்டுச் சொற்களை வெட்டலாம். சொன்னேன்ல, அதுக்குத்தான், என்ன சொல்றது, சரியா... இவை போனால் ஒன்றும் குறையாது. ‘பாக்கலாம் பாக்கலாம்’ என்று இரண்டு தரம் வருவது அப்படி இல்லை. பல தடவை கேட்டும் அதே பதில் வந்தது என்று அக்கா காட்டுகிறார். ‘பலமுறை கேட்டேன்’ என்று எழுதலாமா? எத்தனை தடவை என்று அவரையே கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ரொம்ப கவனமாக வெட்ட வேண்டியது ‘வந்து’. ‘நான் வந்து இங்க ஒரு வெடி ஆபீஸ்ல’ என்பதில் உள்ள வந்து வெறும் இழுவை, தூக்கிவிடலாம். ‘எனக்கு வந்து’ என்பதும் அப்படியே. ஆனால் ‘போர்மேன் வந்து தூக்கிட்டுப் போயி’ என்பது? இழுவையாகவும் இருக்கலாம், நிஜமாகவே வேறு இடத்தில் இருந்தவர் அங்கே வந்ததாகவும் இருக்கலாம். பொறி தட்டிய நேரத்தில் போர்மேன் அந்த இடத்தில் இருந்தாரா இல்லையா என்பது, நாளைக்கு விசாரணை வந்தால் முதலில் கேட்கப்படும் கேள்வி. நீங்கள் ‘போர்மேன் ஓடி வந்து’ என்று அழகாக எழுதினால், அவர் அங்கே இல்லை என்று அக்கா சொன்னதாகிவிடும்.

காதில் கேட்டால் பெரும்பாலும் தெரியும். இழுவை ‘வந்து’க்குப் பின்னால் குரல் தயங்கி நீளும், வினைச்சொல் ‘வந்து’ அடுத்த சொல்லோடு ஒட்டி ஓடும். அப்படியும் பிடிபடவில்லை என்றால், இரண்டு அர்த்தத்துக்கும் பொய்யாகாத வாக்கியம் ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். ‘போர்மேன் என்னைத் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்த்தார்.’ போர்மேன் எங்கே இருந்தார் என்பதை இந்த வாக்கியம் சொல்லவே இல்லை.

வாக்கியத்தை எங்கே வெட்டுவது என்பதற்கும் இங்கேயே ஒரு வழி கிடைக்கிறது. பேச்சில் எடுத்துட்டு, போயி, வச்சிட்டு என்று சங்கிலி நீண்டுகொண்டே போகும். ஆள் மாறும் இடத்திலும், நேரம் மாறும் இடத்திலும் முற்றுப்புள்ளி வையுங்கள். அக்கா செய்தது ஒரு வாக்கியம், போர்மேன் செய்தது ஒரு வாக்கியம், அண்ணாச்சி சொன்னது ஒரு வாக்கியம். யார் செய்தார் என்று அவர் சொல்லாத இடத்தில் மட்டும் ஆளைப் புகுத்தாதீர்கள். ‘கை வெந்து போச்சு’ என்பதை ‘என் கை வெந்துவிட்டது’ என்றே எழுதலாம். ‘நிர்வாகத்தின் அலட்சியத்தால் ஏற்பட்ட வெடிவிபத்தில் படுகாயமடைந்தேன்’ என்று எழுதுவது செய்தித்தாள் பழக்கம். அதில் அலட்சியம், வெடிவிபத்து, படுகாயம் என மூன்று சொற்களும் உங்களுடையவை. அக்கா சொன்னது பொறி தட்டியதை மட்டும்தான்.

எடை குறையவும் கூடாது, கூடவும் கூடாது

‘அவர் மேல தப்பு ஒண்ணும் சொல்லல.’ இதை ‘அவர் மீது எந்தத் தவறும் இல்லை’ என்று எழுதினால் வாசிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்று இல்லை. முன்னதில் அக்கா குற்றம் சாட்டாமல் ஒதுங்குகிறார். பின்னதில் தீர்ப்பே சொல்லிவிடுகிறார். ‘அவர் மீது நான் எந்தக் குறையும் கூறவில்லை’ என்பதுதான் சரியான எடை.

‘செலவும் அவருதான் பாத்தாரு’ என்பதில் உள்ள ‘தான்’ ரொம்ப முக்கியம். செலவைப் பார்த்தது போர்மேன், வேறு யாரும் இல்லை என்று அது சொல்கிறது. ‘செலவை அவர் ஏற்றுக்கொண்டார்’ என்றால் அந்த அர்த்தம் உதிர்ந்துவிடும். ‘செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார்’ என்றால் நிற்கும். தான், கூட, மட்டும், போல, ஆம் இதையெல்லாம் சுத்தம் செய்கிறேன் என்று வழித்துவிடாதீர்கள். இவை குப்பை மாதிரித் தெரிந்தாலும், பேசியவருக்கு எவ்வளவு உறுதி என்பதை இவைதான் தாங்குகின்றன.

தேதிக்கு வருவோம். ‘போன வெள்ளி’ என்று மனுவில் எழுத முடியாது, படிப்பவருக்கு அது வேறு வெள்ளி. பேசிய நாள் ஆகஸ்ட் 20. போன வெள்ளி 15-ஆம் தேதி, சுதந்திர தினம். ‘லீவுல்ல’ என்று அவர் சொன்னதும் பொருந்துகிறது. அதற்கு முந்தின வெள்ளி 8-ஆம் தேதி. மனுவில் ‘08.08.2025 வெள்ளிக்கிழமை மதியம்’. ஒரு எச்சரிக்கை: வாய்ஸ் நோட் வேறு ஒருவர் வழியாக ஃபார்வர்டு ஆகி வந்திருந்தால், திரையில் தெரிவது ஃபார்வர்டு செய்த நேரம். பேசிய நாள் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கணக்குப் போட வேண்டும்.

‘என்னமாச்சும் குடுத்தா நல்லாருக்கும்’ என்பதை ‘உரிய இழப்பீடு வழங்கக் கோருகிறேன்’ என்று உயர்த்த ஆசை வரும். நல்ல எண்ணம்தான். இ.எஸ்.ஐ. சந்தாதாரர் வேலையில் காயம்பட்டு வேலைக்குப் போக முடியாமல் இருந்தால், சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் தற்காலிக ஊனப் பயனாகக் கிடைக்க வழி இருக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் அதை அக்காவிடம் போனில் சொல்லுங்கள், மனுவில் நீங்களே எழுதாதீர்கள். கேட்டுவிட்டு, "அப்ப அதையே எழுது தம்பி" என்று அவர் சொன்னால் அது அவருடைய கோரிக்கை. சொல்லாதவரை ‘ஏதேனும் தொகை’தான்.

‘அத எழுதிராத’

இந்த வாய்ஸ் நோட்டில் மிகவும் கனமான இடம் இதுதான். நாலு பேர் இருக்கும் அறையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம் என்று சொல்கிறார். உடனே எழுதாதே என்றும் சொல்கிறார். எழுத்துவடிவில் இரண்டும் ஒரே வரிசையில் கிடக்கின்றன; முற்றுப்புள்ளி இல்லாததால் ‘அத எழுதிராத’ என்பது எதைக் குறிக்கிறது என்றுகூடச் சட்டென்று தெரியாது. முந்தின வரியையா, பிந்தின வரியையா? குரலைக் கேட்டால் சந்தேகம் தீரும். அவர் நிறுத்துகிற இடம் ‘எழுதிராத’வுக்குப் பின்னால்.

பட்டாசு அறையில் ஆள் நெருக்கடி என்பது உயிர் சம்பந்தப்பட்டது. எழுதத் தெரிந்த உங்களுக்கு அதை விட்டுவிட மனசு வராது. வரவும் கூடாது. ஆனால் மனு அவருடைய பெயரில் போகிறது. வேலை போனால் போவது அவருடைய வேலை. அவர் விலக்கச் சொன்னதை நீங்கள் சேர்த்தால், சொல்லை மாற்றாமலே நோக்கத்தை மாற்றிவிட்டீர்கள். போன் போட்டுப் பேசுங்கள். பாதுகாப்புக் குறையைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்குத் தனியாகத் தெரிவிக்கலாம், இந்த மனுவோடு கலக்கத் தேவையில்லை என்று சொல்லுங்கள். முடிவு அவருடையது.

இன்னொரு ஆபத்து இங்கேயே ஒளிந்திருக்கிறது. ‘வேலைக்கு வராதன்னு சொல்லிட்டா’ என்பது பயம். அப்படி யாரும் சொல்லவில்லை. கடைசி ‘ஆ’வைக் கவனிக்காமல் ‘வேலைக்கு வரக்கூடாது என்று சொல்லிவிட்டனர்’ என்று எழுதினால், நடக்காத மிரட்டல் ஒன்று மனுவில் ஏறிவிடும். நல்லவேளை, இந்த வரியும் எழுத வேண்டாம் என்ற பகுதியைச் சேர்ந்தது.

‘கம்பெனிய மூடணும்னு நான் சொல்லல’ என்பதோ கட்டாயம் இருக்க வேண்டிய வரி. ‘மனு என்றால் கோரிக்கை, கோராததை ஏன் எழுதணும்’ என்று சிலர் இதை வெட்டுவார்கள். பட்டாசுத் தொழிற்சாலைக் காயம் என்ற மனுவைப் படிக்கும் அலுவலர் முதலில் நினைப்பது உரிமம், ஆய்வு, சீல் என்பதைத்தான். அக்காவுக்கு அந்தத் தொழிற்சாலைதான் சோறு போடுகிறது. அவர் எதைக் கேட்கவில்லை என்பதும் அவருடைய கோரிக்கையில் அடக்கம்.

எழுதி முடித்தபின்

இப்போது மனுவின் நடுப்பகுதி இப்படி வரும். அண்ணாச்சி யார், எத்தனை தடவை கேட்டார், எந்தத் தொழிற்சாலை என்பவை கேட்டு நிரப்ப வேண்டியவை. அதுவரை அந்த இடங்களைக் காலியாகவே விடுங்கள்.

"நான் சிவகாசி அருகே ______ பட்டாசுத் தொழிற்சாலையில் ஏழெட்டு ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன். 08.08.2025 வெள்ளிக்கிழமை மதியம், காய வைத்திருந்த பட்டாசு மருந்தை எடுத்து வரும்போது பொறி தட்டி என் வலது கை வெந்துவிட்டது. போர்மேன் என்னைத் தூக்கிச் சென்று மருத்துவமனையில் சேர்த்தார். செலவையும் அவரே ஏற்றுக்கொண்டார். அவர் மீது நான் எந்தக் குறையும் கூறவில்லை. எனக்கு இ.எஸ்.ஐ. கார்டு இன்னும் வரவில்லை. அதற்காகச் சம்பளத்தில் பணம் பிடிப்பதாகச் சொல்கிறார்கள். ______ அவர்களிடம் ______ முறை கேட்டபோது, பார்க்கலாம் என்று சொன்னார். கை ஆறும்வரை என்னால் வேலைக்குப் போக முடியவில்லை. தொழிற்சாலையை மூட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எனக்கு இ.எஸ்.ஐ. கார்டு கிடைக்கவும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்கு ஏதேனும் தொகை கிடைக்கவும் உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

‘அதற்காக’ என்ற சொல்லைப் பாருங்கள். அக்கா வாயில் அது இல்லை. கார்டு பேச்சை அடுத்து ‘சம்பளத்துல பிடிக்கிறாங்கண்டு’ என்று வந்ததால் நாம் சேர்த்த இணைப்பு அது. சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் ஊகம். இப்படி நீங்கள் சேர்த்த ஒவ்வொரு சொல்லையும் வேறு நிறத்தில் காட்டி வையுங்கள். திரும்ப வாசிக்கும்போது அந்த இடங்களில் நின்று கேட்க வேண்டும்.

திரும்ப வாசிப்பது நீங்கள் விரும்பினால் செய்கிற விஷயம் இல்லை. வாய்மொழிப் புகாரை எழுத்தாக்கும் காவல் நிலையத்துக்கே சட்டம் அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு. சொன்னதை எழுத வேண்டும், எழுதியதைச் சொன்னவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும், பிறகுதான் கையெழுத்து. பழைய வாக்குமூலங்களின் அடியில் ‘வாசிக்கக் கேட்டு சரி’ என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். உங்கள் மனுவுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. வழக்கம் பொருந்தும்.

மனுவை டைப் செய்து அனுப்பி ‘சரியா பாருங்கக்கா’ என்றால் அவர் ‘சரி தம்பி’ என்றுதான் பதில் போடுவார், படிக்காமலே. நீங்களே மெதுவாக வாசித்து ஒரு வாய்ஸ் நோட்டாகத் திருப்பி அனுப்புங்கள். குரலில் வந்தது குரலிலேயே திரும்பிப் போகட்டும். சேர்த்த சொற்களைத் தனியாகக் கேளுங்கள்: "அந்தக் கார்டுக்குத்தான் பணம் பிடிக்கிறாங்கன்னு எழுதிருக்கேன், சரியாக்கா? இல்ல வேற எதுக்காச்சும் பிடிக்கிறாங்களா?" இப்படிக் கேட்டால்தான் ‘ஆமா, இல்ல’ என்று பதில் வரும். "இல்ல தம்பி, அது அட்வான்ஸ் வாங்குனதுக்குப் பிடிக்கிறது, கார்டுக்கு பிடிக்கிறாங்களான்னு எனக்குத் தெரியாது" என்றுகூட வரலாம். வந்தால் அந்த வரியையே மாற்றி எழுதுங்கள், பதிலாக வந்த வாய்ஸ் நோட்டையும் முதல் கோப்போடு சேர்த்து வையுங்கள். மனுவின் அடியில் அவருடைய கையெழுத்து அல்லது பெருவிரல் ரேகை. அதற்குக் கீழே ‘மனுதாரர் சொல்ல எழுதியவர்’ என்று உங்கள் பெயர். திங்கட்கிழமை மனுவைக் கொடுத்ததும் தரப்படும் மனு எண்ணை அவருடைய போனிலும் பதிந்து கொடுங்கள். அடுத்த முறை 1100-க்குப் பேசப் போவது அவர்தான்.